எந்தப் பக்க இடுப்பு சரிகிறது?

மாணவர்களே, வலது காலை மட்டும் ஊன்றி நில்லுங்கள். இடப்பக்க இடுப்பைக் கீழிருந்து தாங்க இப்போது எதுவும் இல்லை. ஆனாலும் அது சரிவதில்லை. ஏன்?

வலது பிட்டத்தில் உள்ள குளூட்டியஸ் மீடியஸ், குளூட்டியஸ் மினிமஸ் என்னும் தசைகளே காரணம். இவை இடுப்பெலும்பைத் தொடையெலும்பின் மேல்முனையோடு இணைக்கின்றன. கால் தரையில் படாதபோது இவை சுருங்கினால் கால் பக்கவாட்டில் விலகும். கால் ஊன்றியிருக்கும்போது, இவை இடுப்பெலும்பின் வலப்பக்கத்தைக் கீழ்நோக்கி இழுப்பதால் இடப்பக்கம் சரியாமல் நிற்கிறது.

இதை ஒரு நெம்புகோலாகப் பாருங்கள். வலது இடுப்பு மூட்டே சுழலும் மையம். உங்கள் எடை 500 நியூட்டன் என்றால், ஊன்றிய கால் நீங்கலாக ஏறக்குறைய 420 நியூட்டன் இருக்கும். அது மூட்டிலிருந்து 10 செ.மீ. தள்ளியும், தசை 5 செ.மீ. தள்ளியும் இழுப்பதாகக் கொள்வோம்.

420 × 10 = தசைவிசை × 5

தசைக்குத் தேவைப்படும் விசை 840 நியூட்டன்!

வலப்பக்கத் தசைகள் பலவீனமானால் இந்த விசை கிடைக்காது. சரிவது எதிர்ப்பக்கமான இடது இடுப்பு. ஜெர்மானிய அறுவை மருத்துவர் டிரெண்டலன்பர்க் 1895இல் விளக்கிய இந்த அறிகுறியை மருத்துவர்கள் இன்றும் ஒற்றைக்காலில் நிற்கவைத்தே சோதிக்கின்றனர்.

இக்குறை உள்ளவர் வலது காலை ஊன்றும்போது உடலை வலப்பக்கமே சாய்த்து நடப்பதுண்டு. அப்போது அந்த 10 செ.மீ. தூரம் குறைகிறது, தேவைப்படும் தசைவிசையும் குறைகிறது.