மேரி ராய் தீர்ப்பை நான்காகப் பிரித்துப் படித்த கதை

நம் சங்கத்து அன்பர்கள் பலருக்கு நாஞ்சில் நாட்டிலும் விளவங்கோட்டிலும் இன்றும் குடும்ப நிலம் உண்டு. அதனால், வஞ்சியூர் நீதிமன்றத்தில் நான் வக்கீலாக இருந்த காலத்தில் ஒரு தீர்ப்பைப் படித்துக் குறிப்பெடுத்த விதத்தை இங்கே எழுதுகிறேன்.

1992இல் ஓர் அம்மையார் என் வீட்டுக்கு வந்தார். கிறிஸ்தவர். கணவரின் வேலை காரணமாகத் திருவனந்தபுரத்தில் குடியேறியவர். மார்த்தாண்டம் பக்கம் இருந்த அவருடைய தகப்பனார் 1978இல் உயில் எழுதாமல் காலமானார். தாயாரும் ஒரு மகனும் இந்த மகளும்தான் வாரிசுகள். "சார், மேரி ராய் கேஸ் ஜெயிச்சது 1986லதானே, அப்பா செத்தது 1978லயே, அப்போ இருந்தது பழைய சட்டம், உனக்கு ஒண்ணும் கிடையாதுன்னு அண்ணன் சொல்றான்" என்றார். கையில் ஒரு பத்திரிகைத் துணுக்கு இருந்தது. பெண்களுக்குப் பாரபட்சம் காட்டும் சட்டத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது என்று அதில் போட்டிருந்தது.

அண்ணன் சொன்னது தவறு. துணுக்கில் இருந்ததும் தவறு. இரண்டு தவறுக்கும் வேர் ஒன்றே: தீர்ப்பின் முடிவை மட்டும் கேட்டுவிட்டு, அதன் காரணத்தைப் படிக்காமல் விட்டது.

தீர்ப்புகள் நமக்கு வேண்டிய வரிசையில் எழுதப்படுவதில்லை. ஆகவே நான் முதலில் கடைசிப் பத்தியைப் படித்து, என்ன உத்தரவு என்று தெரிந்துகொள்வேன். பிறகு முதலிலிருந்து படிக்கும்போது ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் பேசுவது யார் என்று பென்சிலால் குறிப்பேன்: மனுதாரரா, எதிர்த்தரப்பா, கீழ் நீதிமன்றமா, நீதிபதியா? இந்தக் குறி இல்லையென்றால் எதிர்த்தரப்பின் வாதத்தையே தீர்ப்பு என்று எழுதிவிடுவோம். மேரி ராய் தீர்ப்பில் இந்த ஆபத்து அதிகம். அதில் தோற்ற வாதம் மிகவும் வலுவானது.

முதலில் சங்கதிகள். திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் 1092 என்று தீர்ப்பில் வரும். 1092 என்பது கொல்லம் ஆண்டு, அதாவது 1916. அந்தச் சட்டத்தின்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் மகளுக்கு மகனுடைய பங்கில் நாலில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். ஸ்திரீதனம் கொடுத்திருந்தாலோ, கொடுப்பதாக வாக்களித்திருந்தாலோ அதுவும் இல்லை. விதவைக்கு ஆயுள்கால அனுபவம் மட்டுமே. மறுமணம் செய்தால் அதுவும் போய்விடும். பிறகு 1951இல் மத்திய அரசு 'பி' பகுதி மாநிலங்கள் (சட்டங்கள்) சட்டம் என்று ஒன்றை இயற்றியது. அதன்மூலம் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1951 ஏப்ரல் 1 முதல் திருவிதாங்கூர்–கொச்சிக்கும் நீட்டிக்கப்பட்டது. அதன் பிறகும் பழைய சட்டம் உயிரோடு இருக்கிறது என்று திருவிதாங்கூர்–கொச்சி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி ஒருவர் அது போய்விட்டது என்றார். பின்னர் இருவர் அமர்வு, இல்லை, இருக்கிறது என்றது.

மேரி ராயின் குடும்பக் கதை சுவையானதுதான், ஆனால் குறிப்பில் அதற்கு இடமில்லை. எந்தச் சங்கதியைச் சேர்ப்பது என்பதற்கு நான் வைத்திருக்கும் சோதனை இது: அதை மாற்றினால் முடிவு மாறுமா? இறந்தவர் இந்தியக் கிறிஸ்தவர், பழைய திருவிதாங்கூர்ப் பகுதி, உயில் இல்லை, மரணம் 1951 ஏப்ரல் 1க்குப் பிறகு. இந்த நான்கில் எதை மாற்றினாலும் முடிவு மாறலாம். மனுதாரர் கோட்டயத்தில் பள்ளி நடத்தியவர் என்பதை மாற்றினால் எதுவும் மாறாது.

அடுத்தது எழுவினா. மனுதாரர் கேட்டவை இரண்டு: பழைய சட்டம் 1951லேயே நீங்கிவிட்டதா? நீங்கவில்லையென்றால் அது அரசியலமைப்பின் 14ஆம் உறுப்பு தரும் சமத்துவத்துக்கு விரோதமா? கேட்ட கேள்வி வேறு, நீதிமன்றம் எடுத்துக்கொண்ட கேள்வி வேறு. எடுத்துக்கொண்டது முதலாவதை மட்டுமே.

முடிவு, 1986 பிப்ரவரி 24 அன்று தலைமை நீதிபதி பகவதியும் நீதிபதி பாடக்கும் சொன்னது: பழைய சட்டம் 1951 ஏப்ரல் 1 முதல் நீங்கிவிட்டது, அன்று முதல் இந்திய வாரிசுரிமைச் சட்டமே செல்லும்.

காரணம்தான் மெதுவாகப் படிக்க வேண்டிய இடம். நீட்டிக்கப்படும் மத்தியச் சட்டத்துக்கு இணையான உள்ளூர்ச் சட்டம் ஏதும் இருந்தால் அது நீங்கும் என்று 1951 சட்டத்தின் 6ஆம் பிரிவு சொல்கிறது. எதிர்த்தரப்பு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 29(2)ஆம் பிரிவைப் பிடித்துக்கொண்டது. நடைமுறையில் உள்ள வேறு சட்டம் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு என்பது அந்தப் பிரிவு. திருவிதாங்கூர்ச் சட்டம்தான் அந்த வேறு சட்டம், ஆகவே அது காப்பாற்றப்பட்டது என்றார்கள். முதல் தடவை படித்தபோது நானே இதில் மயங்கினேன். நீதிமன்றத்தின் பதில் இது: உயில் இல்லாத வாரிசுரிமையைப் பற்றிய பகுதிக்கு இணையான சட்டம் என்பதால் திருவிதாங்கூர்ச் சட்டத்தை 6ஆம் பிரிவு நீக்கிவிட்டது. நீங்கிய சட்டம் 'நடைமுறையில் உள்ள சட்டம்' ஆகாது. அதைக் காப்பாற்ற நாடாளுமன்றம் நினைத்திருந்தால் வெளிப்படையாகச் சொல்லியிருக்கும். இவ்வளவோடு வழக்கு முடிந்துவிட்டதால் சமத்துவக் கேள்விக்குள் போகத் தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள்.

இப்போது அம்மையாரின் அண்ணனுக்கு வருவோம். நீதிமன்றம் 1986இல் ஒரு சட்டத்தைப் புதிதாக ரத்து செய்யவில்லை. 1951லேயே போய்விட்டது என்று கண்டு சொன்னது. ஆகவே 1978இல் தகப்பனார் இறந்த அன்று பழைய சட்டம் இல்லை. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. 1951இல் அவை திருவிதாங்கூர்–கொச்சியில்தான் இருந்தன. ஆகவே மார்த்தாண்டத்துக்கும் அதே விடைதான். இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி விதவைக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. சொத்து 90,000 ரூபாய் என்றால் தாயாருக்கு 30,000, மகனுக்கு 30,000, மகளுக்கு 30,000. பழைய கணக்கில் மகளுக்கு 5,000க்கு மேல் வராது. ஸ்திரீதனம் வாங்கியிருந்தால் அதுவும் வராது.

அம்மையாருக்குக் கொடுத்த குறிப்பில் ஐந்தாவதாக ஒரு பகுதியும் சேர்த்தேன்: இந்தத் தீர்ப்பு சொல்லாதவை. தகப்பனார் உயில் எழுதி மகனுக்கே கொடுத்திருந்தால் இந்தத் தீர்ப்பு மகளுக்கு உதவாது. கொச்சிப் பகுதிக்கு 1921இல் தனிச்சட்டம் இருந்தது. இந்த வழக்கு அதைப் பற்றியதல்ல. இடைப்பட்ட 35 ஆண்டுகளில் பழைய சட்டத்தை நம்பி நடந்த விற்பனைகள் என்ன ஆகும், காலாவதி எப்போது தொடங்கும் என்பவற்றுக்கும் இந்தத் தீர்ப்பில் விடை தேடக்கூடாது.

குறிப்பு ஒரு பக்கத்துக்குள் அடங்கியது. அம்மையார் அதை அங்கேயே இரண்டு தடவை படித்தார். நான்கு பகுதிகளையும் சும்மா கடந்துவிட்டு ஐந்தாவதில் விரலை வைத்து, "மேல்பக்கத்து வயலை அண்ணன் 1989ல வித்துட்டான், சார்" என்றார். அதுவரை அவர் அதைச் சொல்லவில்லை. அந்த விற்பனைப் பத்திரத்தின் நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் எடுத்துக்கொண்டு, குழித்துறையில் ஒரு வக்கீலைப் பார்க்கச் சொன்னேன்.