சதுரக் கொட்டகைக்கு மூலை பார்த்தல்

பள்ளித் தோட்டக் கருவிகளை வைக்க, 3 மீட்டர் பக்கமுள்ள சதுரக் கொட்டகைக்கு அடித்தளம் குறிக்க வேண்டும் எனக் கொள்வோம். நான்கு பக்கமும் 3 மீட்டர் அளந்து முளை அடித்ததும் சதுரம் வந்துவிட்டது என்பார்கள் மாணவர்கள். சாய்சதுரத்துக்கும் நான்கு பக்கங்கள் சமம்தானே!

அ, ஆ முளைகளை 3 மீட்டர் இடைவெளியில் அடித்து நூல் கட்டச் செய்யுங்கள். அ முளையில் இன்னொரு நூலைக் கட்டிக் குறுக்கே இழுத்து, 4 மீட்டரில் குறியிட வேண்டும். ஆ முளைக்கும் அக்குறிக்கும் இடையே டேப் 5 மீட்டர் காட்டும்வரை நூலை நகர்த்தினால், அ மூலை செங்கோணமாகிவிடும். 30, 40, 50 செ.மீ. அளவிலும் இதைச் செய்யலாம். ஆனால் அந்த 50-இல் அரை செ.மீ. தவறினால், 3 மீட்டர் தொலைவில் முளை 6 செ.மீ. விலகிவிடும். பெரிய முக்கோணமே நல்லது.

அதே நூலில் 3 மீட்டரில் ஈ முளை. ஆ, ஈ இரண்டிலிருந்தும் 3 மீட்டர் அளந்து, அளவுகள் சந்திக்கும் இடத்தில் இ முளை. இப்போது மூலைவிட்டங்களை அளக்கட்டும். இரண்டும் ஏறக்குறைய 4 மீ. 24 செ.மீ. இருக்க வேண்டும்.

அ–இ 4.27, ஆ–ஈ 4.21 மீட்டர் என வந்தால்? அ, ஆ முளைகளைத் தொடாமல், இ, ஈ இரண்டையும் ஆ பக்கமிருந்து அ பக்கமாக 4 செ.மீ. நகர்த்தினால் போதும். வித்தியாசமான 6 செ.மீ. முழுவதையும் நகர்த்தினால் கோணம் மறுபுறம் சாய்ந்துவிடும்.

மூலைவிட்டங்களை மட்டும் நம்பவும் கூடாது. இருசமபக்கச் சரிவகத்திலும் அவை சமமே. ஆகவே பக்கங்களை மீண்டும் ஒருமுறை அளந்த பிறகே சுண்ணாம்புக் கோடு போடச் சொல்லுங்கள்.