பயத்துக்கு ஒரு பெயர்

கேள்வி: 2023 டிசம்பரில் உர ஆலையின் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்த இரவுக்குப் பிறகு, சின்ன வாடை வந்தாலும் நெஞ்சு படபடக்கிறது. என்ன செய்வது?
- வாசகி, எண்ணூர்

பதில்: முதலில் வாடை உண்மையா என்று பாருங்கள். கண் எரிந்தால், தொண்டை கமறினால் வீட்டாரோடு உடனே அங்கிருந்து விலகுங்கள். மனப்பயிற்சிக்கு அது நேரமில்லை.

வாடை இல்லை, படபடப்பு மட்டும் என்றால், அது உடம்பில் எங்கே தெரிகிறது என்று கவனியுங்கள். மூச்சை விடும்போது ‘பயம்’ என்று மனசுக்குள் மெதுவாகச் சொல்லுங்கள். இரண்டு மூன்று மூச்சு போதும். உற்றுப் பார்த்தால் பயத்தின் அடியில் கோபம் இருக்கலாம்; அப்போது ‘கோபம்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். பொருந்தும் சொல் கிடைத்ததும் பிடி கொஞ்சம் தளரும். முழுதும் போகாது.

உணர்ச்சிக்கு இப்படிப் பெயர் வைப்பது உதவும் என்பதற்கு ஆதாரம் உண்டு. கலிபோர்னியாவில் உளவியலாளர் மேத்யூ லீபர்மேன் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், படத்திலுள்ள முகத்தின் உணர்ச்சிக்குச் சொல் தேர்ந்தவர்களின் மூளையில் அபாயமணி அடிக்கும் அமிக்டலாவின் செயல்பாடு தணிந்தது.

இந்தப் பயிற்சியில் பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ‘கோபம்’ என்று தொடங்கி, ‘யாருமே வந்து கேட்கவில்லையே’ என்று வழக்கு நடத்தப் போய்விடுவோம். கேள்வி நியாயம்தான், அதைப் பகலில் மனுவாக எழுதுங்கள். இரவில் ஒற்றைச் சொல்லோடு நிறுத்துங்கள். அதட்டும் தொனியில் சொன்னால் பயத்தை விரட்டப் பார்க்கிறீர்கள் என்று பொருள், படபடப்பு ஏறும்.

தூக்கம் வாரக்கணக்கில் கெட்டால், 14416 டெலி-மானஸ் எண்ணில் பேசுங்கள். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.