பழைய கைபேசியும் புதிய வலையமைப்பும்: அழைப்பு ஏன் கிட்டுவதில்லை?

பீகார் மாநிலத்தின் மாவட்டத் தலைநகர் ஒன்றில் பணிபுரியும் எழுத்தர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் 2014-ஆம் ஆண்டில் வாங்கிய கைபேசி 4ஜி வசதி உடையது. பத்தாண்டுகளாக அதில் பேசியும் இணையத்தைப் பயன்படுத்தியும் வந்தவர், கட்டணம் கருதித் தம் எண்ணை மாற்றாமல் வேறொரு சேவை நிறுவனத்திற்கு மாறுகிறார். புதிய நிறுவனம் 4ஜி, 5ஜி சேவைகளை மட்டுமே நடத்துவது. சிம் அட்டையைப் பொருத்தியதும் திரையில் 4ஜி என்னும் குறி தோன்றுகிறது. செய்திகளும் படங்களும் முன்னிலும் விரைவாக வருகின்றன. ஆனால் எண்ணை அழுத்தி அழைத்தால் அழைப்பு உடனே துண்டிக்கப்படுகிறது. அவரை அழைப்பவர்களுக்கோ அவர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக அறிவிப்பு கேட்கிறது. கைபேசியும் பழுதாகவில்லை, கோபுரமும் பழுதாகவில்லை. அவ்வாறாயின் குறை எங்கே உள்ளது? இதற்கு விடை காண, 4ஜி வலையமைப்பில் குரல் எவ்வாறு செல்கிறது என்பதை அறிய வேண்டும்.

குரலுக்குத் தனிப் பாதை இல்லாத வலையமைப்பு

2ஜி, 3ஜி ஆகிய இரு தலைமுறைகளிலும் குரல் அழைப்பு சுற்றிணைப்பு முறையில் நடைபெற்றது. ஒருவர் அழைத்ததும் அவருக்கும் எதிர்முனையில் உள்ளவருக்கும் இடையே ஒரு பாதை ஒதுக்கப்படும். பேச்சு முடியும் வரை அப்பாதை அவர்களுக்கே உரியது. இணையத் தகவலுக்கு வேறொரு பிரிவு இருந்தது. 4ஜி எனப்படும் எல்.டி.இ. முறையை வகுத்தபோது இந்தச் சுற்றிணைப்புப் பகுதி முழுவதும் விலக்கப்பட்டது. அம்முறையில் எல்லாத் தகவலும் சிறு சிறு பொதிகளாகவே செல்கின்றன. எனவே எல்.டி.இ. வலையமைப்பு பிறக்கும்போதே குரல் அழைப்புக்கென ஓர் ஏற்பாடு இன்றிப் பிறந்தது எனலாம்.

இக்குறையை நிரப்ப இரு வழிகள் கையாளப்பட்டன. முதலாவது, பின்வாங்கும் முறை. 4ஜியில் இருக்கும் கைபேசிக்கு அழைப்பு வந்தால், வலையமைப்பு அதனை 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கச் சொல்லும். கைபேசி இறங்கி, பழைய முறையில் பேசி, முடிந்ததும் மீண்டும் 4ஜிக்கு ஏறும். இந்தியாவில் 2012-இல் கொல்கத்தாவில் 4ஜி சேவை தொடங்கிய பின்னர் சில ஆண்டுகள் வரை கைபேசிகளில் குரல் பழைய தலைமுறைகளின் வழியாகவே சென்றது. அழைப்பு இணைவதற்குச் சில நொடிகள் கூடுதலாகும் என்பதைத் தவிரப் பயனாளர் வேறு எதையும் உணரவில்லை. தாம் 4ஜியில் பேசுவதாகவே அவர் எண்ணினார்.

இரண்டாவது, குரலையும் பொதிகளாக்கி 4ஜியிலேயே அனுப்பும் முறை. இதுவே எல்.டி.இ. வழிக் குரல், வழக்கில் வோல்ட்இ எனப்படுவது. 2016 செப்டம்பரில் ரிலையன்ஸ் ஜியோ நிறுவனம் தன் சேவையைத் தொடங்கியபோது அதனிடம் 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. பின்வாங்குவதற்கு இடமே இல்லாத வலையமைப்பு அது. வோல்ட்இ இல்லாத 4ஜி கைபேசிகளுக்காக அந்நிறுவனம் ஒரு தனிச் செயலியை வெளியிட நேர்ந்தது. ஐபோன் 5எஸ் போன்ற, 4ஜி உண்டு ஆனால் வோல்ட்இ இல்லை என்னும் நிலையிலிருந்த கைபேசிகள் அச்செயலியின் வழியாகவே பேச முடிந்தது. 2017-இல் 1,500 ரூபாய் திரும்பப்பெறும் வைப்புத்தொகையில் வோல்ட்இ வசதியுள்ள பொத்தான் கைபேசி ஒன்றை அந்நிறுவனமே அறிமுகப்படுத்தியதன் காரணமும் இதுவே.

வோல்ட்இ அழைப்பின் படிகள்

வோல்ட்இ என்பது கைபேசியில் தானாக அமைந்துவிடும் ஒரு தன்மை அன்று. அழைப்புக்கு முன்னரே சில படிகள் நிறைவேற வேண்டும். முதற்கண், கைபேசி 4ஜி வலையமைப்பில் இணைகிறது. தன்னால் எவ்வாறு குரல் அழைப்பை ஏற்க இயலும் என்பதைக் கைபேசியும், தன்னிடம் வோல்ட்இ உண்டா என்பதை வலையமைப்பும் ஒன்றுக்கொன்று தெரிவித்துக்கொள்கின்றன. அடுத்து, இணையத்திற்கான இணைப்போடு, `ims` என்னும் பெயருடைய இரண்டாவது இணைப்பு ஒன்றைக் கைபேசி ஏற்படுத்துகிறது. அவ்விணைப்பின் வழியாக, அழைப்புகளை ஆளும் ஐ.எம்.எஸ். என்னும் கணினித் தொகுதியில் கைபேசி தன்னைப் பதிவு செய்துகொள்கிறது. சிம் அட்டையிலுள்ள மறைகுறியைக் கொண்டு அத்தொகுதி கைபேசியின் உரிமையைச் சரிபார்க்கிறது. இப்பதிவு நிறைவேறினால்தான் கைபேசிக்கு அழைக்கவும் அழைப்பை ஏற்கவும் தகுதி வருகிறது.

அழைப்பு தொடங்கியதும் குரல் பொதிகளுக்கென முன்னுரிமையுள்ள தனித் தடம் ஒன்று ஒதுக்கப்படுகிறது. நொடிக்கு 50 பொதிகள் வீதம் குரல் செல்கிறது. கோபுரத்தில் நெரிசல் மிகுந்து படங்களும் பாடல்களும் காத்திருக்க நேர்ந்தாலும் இத்தடத்திலுள்ள பொதிகள் காத்திருப்பதில்லை. சாதாரணச் செயலி வழி அழைப்புக்கும் வோல்ட்இக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு இதுவே.

மேற்கூறிய எழுத்தரின் கைபேசி முதற்படியைக் கடந்தது. ஆகவே 4ஜி குறி தோன்றியது. பதிவுப் படியை அது கடக்கவில்லை. அதன் மென்பொருளில் அதற்கான பகுதியே இல்லை. பழைய நிறுவனத்தில் இருந்தவரை ஒவ்வோர் அழைப்புக்கும் அது 2ஜிக்கு இறங்கிக்கொண்டிருந்தது. புதிய நிறுவனத்தில் இறங்குவதற்குப் படியில்லை. சில கைபேசிகள், குரல் கிட்டாத வலையமைப்பில் இருப்பதற்கு மறுத்து 4ஜியையும் விட்டு நீங்கிச் சேவை இல்லை எனக் காட்டுவதும் உண்டு.

வசதி இருந்தும் இயங்காத நிலை

இன்னொரு வகைக் குறை கண்டறிவதற்குக் கடினமானது. கைபேசியின் உள்ளே வோல்ட்இ வசதி இருக்கும். ஆயினும் குறிப்பிட்ட நிறுவனத்தின் சிம் அட்டையுடன் அது இயங்காது. ஒவ்வொரு சேவை நிறுவனத்தின் ஐ.எம்.எஸ். தொகுதிக்கும் உரிய அமைப்பு விவரங்களைக் கைபேசி தயாரிப்பாளர் மென்பொருளில் சேர்த்திருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட கைபேசியில் இந்திய நிறுவனங்களின் விவரங்கள் இல்லாமற் போகலாம். மென்பொருள் புதுப்பிப்பு நின்றுபோன பழைய கைபேசியில் பின்னர் வோல்ட்இ தொடங்கிய நிறுவனத்தின் விவரம் சேராமலே இருக்கலாம். ஆகவே பெட்டியின்மேல் வோல்ட்இ என்று அச்சிடப்பட்டிருப்பது முழு உறுதி ஆகாது.

பேச்சின் நடுவே தொடர்பு அறுவதற்கும் இதனையொட்டிய காரணம் உண்டு. வோல்ட்இயில் பேசிக்கொண்டே ஒருவர் 4ஜி எல்லையைக் கடந்தால், 2ஜி அல்லது 3ஜி உள்ள நிறுவனம் அப்பேச்சை அறாமல் அவற்றிற்கு மாற்ற இயலும். அதற்கும் கைபேசி, வலையமைப்பு இரண்டிலும் ஏற்பாடு இருத்தல் வேண்டும். 4ஜி மட்டுமே உள்ள நிறுவனத்தில் எல்லை முடிந்த இடத்தில் பேச்சும் முடிந்துவிடும்.

வைஃபை அழைப்பு

கோபுரத்தின் அலை தடித்த சுவர்களுக்குள் எட்டாத இடங்களில் வைஃபை அழைப்பு உதவுகிறது. இந்தியாவில் ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இதனைத் தொடங்கின. கைபேசி இணையத்தின் ஊடே மறைகுறியிட்ட பாதை ஒன்றை அமைத்து, சேவை நிறுவனத்தின் நுழைவாயிலை அடைகிறது; அங்கிருந்து அதே ஐ.எம்.எஸ். தொகுதியில் பதிவாகிறது. அழைப்பவர் காண்பது வழக்கமான எண்ணையே. தனிச் செயலி தேவையில்லை.

இதற்கும் எல்லை உண்டு. பதிவு செய்யும் மென்பொருள் ஏறத்தாழ ஒன்றே ஆதலால், வோல்ட்இ இல்லாத பழைய கைபேசிகள் பெரும்பாலானவற்றில் வைஃபை அழைப்பும் இராது. அலுவலகங்களில் வைஃபை வழி இணையம் வந்தும் அழைப்பு கிட்டாமற் போவதுண்டு. மறைகுறிப் பாதைக்குத் தேவையான யு.டி.பி. 500, 4500 என்னும் வாயில்களை அலுவலகப் பாதுகாப்பு அமைப்பு அடைத்திருப்பது அதற்கு ஒரு காரணம். மேலும், வைஃபை அழைப்பில் குரலுக்குத் தனித் தடம் இல்லை. பொது இணையத்தின் நெரிசல் குரலையும் தாக்கும்.

கண்டறியும் முறை

ஐயம் எழும்போது முதலில் சிம் அட்டையை, அதே நிறுவனத்தின் வோல்ட்இ இயங்கிவரும் வேறொரு கைபேசியில் பொருத்திப் பார்த்தல் வேண்டும். அதில் அழைப்பு கிட்டினால் குறை சிம் அட்டையில் இல்லை. பின்னர்ப் பழைய கைபேசியின் அமைப்புப் பகுதியில் வோல்ட்இ விசை உள்ளதா, அது இயக்கத்தில் உள்ளதா எனக் காண வேண்டும். பல ஆண்ட்ராய்டு கைபேசிகளில் `*#*#4636#*#*` என அழுத்தினால் ஐ.எம்.எஸ். பதிவு நிறைவேறியதா என்னும் விவரம் தெரியும். 2ஜியும் வைத்திருக்கும் நிறுவனத்தில் சோதனை இன்னும் எளிது. எண்ணை அழுத்தியதும் திரையிலுள்ள 4ஜி குறி மறைந்து 2ஜிக்குரிய குறி தோன்றினால், அக்கைபேசி இன்னும் பின்வாங்கியே பேசுகிறது என்பது தெளிவு. இன்று பேச முடிகிறது என்பதால், 2ஜி மூடப்படும் நாளிலும் பேச முடியும் என்று கொள்வதற்கில்லை.

செலவு யாரைச் சாரும்?

பழைய தலைமுறைகளை மூடுவதற்குப் பொருளாதாரக் காரணம் உண்டு. அதே அலைக்கற்றையில் 4ஜி பன்மடங்கு தகவலைச் சுமக்கிறது. இரு வலையமைப்புகளைப் பேணும் செலவும் குறைகிறது. ஏர்டெல் 2019-இல் கொல்கத்தாவில் தொடங்கி 3ஜியைப் படிப்படியாக மூடியபோது 2ஜியை வைத்துக்கொண்டதால், பழைய கைபேசிகள் இறங்க ஓர் இடம் எஞ்சியது. மிச்சம் நிறுவனத்திற்குச் சேர, மாற்றத்தின் செலவு பழைய கைபேசி வைத்திருப்பவர்மீது விழுவதே இதிலுள்ள சிக்கல்.

ஆஸ்திரேலியாவின் பட்டறிவு இங்குக் கருதத்தக்கது. அங்கு 2024 அக்டோபர் 28 அன்று டெல்ஸ்ட்ரா, ஆப்டஸ் நிறுவனங்கள் 3ஜியை மூடத் தொடங்கின. 2ஜி முன்னரே மூடப்பட்டிருந்தது. சில கைபேசிகள் வழக்கமான அழைப்புகளுக்கு வோல்ட்இயைப் பயன்படுத்தின. ஆனால் 000 என்னும் அவசர எண்ணுக்கு மட்டும் 3ஜியை நாடுமாறு அவற்றின் மென்பொருள் அமைந்திருந்தது. நாள்தோறும் நன்கு பேசிவந்தவருக்கு அவசர வேளையில்தான் கைபேசி கைவிடும் என்பது தெரியவரும். ஆகவே அவசர எண்ணை அழைக்க இயலாத கைபேசிகளுக்குச் சேவை வழங்கலாகாது என அந்நாட்டு அரசு விதித்தது.

எந்தக் கைபேசிகள் பாதிக்கப்படும் என்பதைப் பெருமளவு முன்கூட்டியே அறியலாம். `*#06#` என அழுத்தினால் தோன்றும் 15 இலக்க எண்ணின் முதல் 8 இலக்கங்கள் கைபேசியின் மாதிரியைக் குறிப்பவை. அவை இணையும் ஒவ்வொரு வலையமைப்புக்கும் தெரியும். இவற்றைக் கொண்டு, ஒரு வட்டத்தில் வோல்ட்இ இன்றி இயங்கும் கைபேசிகள் எத்தனை என மூடுவதற்கு முன்னரே கணக்கிட்டு, உரியவர்களுக்கு அறிவிக்க இயலும். மேற்கூறிய எழுத்தருக்கு எண் மாற்றத்தின்போதே இந்த எட்டு இலக்கங்களைப் பார்த்து யாரேனும் சொல்லியிருந்தால், அவர் பழைய நிறுவனத்திலேயே இருந்திருப்பார். அல்லது மாறுவதற்கு முன் வேறு கைபேசி தேடியிருப்பார்.