கல்லூரி வைஃபையில் பாட்டுச் செயலி ஓடாதபோது

கல்லூரி விடுதியிலோ அலுவலகத்திலோ வைஃபையை இணைத்தவுடன் ஸ்பாட்டிஃபை போன்ற பாட்டுச் செயலி நின்றுபோனால், பெரும்பாலும் கோளாறு செயலியில் இருக்காது. நிறுவனத்தின் உள் நெட்வொர்க்குக்கும் வெளி இணையத்துக்கும் நடுவே ஒரு ஃபயர்வால் இருக்கிறது. எந்தப் போக்குவரத்தை விடுவது, எதை நிறுத்துவது என்பதை அதுதான் முடிவு செய்கிறது. தடை எந்த இடத்தில் விழுகிறது என்று கண்டுகொண்டால், தானே சரிசெய்யக்கூடியது எது, நெட்வொர்க் பொறுப்பாளரிடம் கேட்க வேண்டியது எது, விட்டுவிட வேண்டியது எது என்பது தெளிவாகிவிடும். இங்கே ஸ்பாட்டிஃபையே எடுத்துக்காட்டு. மற்ற பாட்டுச் செயலிகளுக்கும் முறை ஏறக்குறைய இதுதான்.

தடை ஏன் வருகிறது

முதலில் தோன்றும் காரணம் வேகம். ஒரு விடுதியில் 500 மாணவர்கள் ஒரே நேரத்தில் 160 கேபிபிஎஸ் தரத்தில் பாட்டுக் கேட்டால் ஆகும் செலவு 80 எம்பிபிஎஸ். கல்லூரிக்கு 1 ஜிபிபிஎஸ் இணைப்பு இருந்தால் அதில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை. 100 எம்பிபிஎஸ் இணைப்புதான் என்றால் கதையே வேறு: தேர்வு விண்ணப்பமும் இணையவழி வகுப்பும் மீதி 20-க்குள் திண்டாட வேண்டும்.

ஆனால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத் தடை விதிக்கிறவர்கள் குறைவு. ஃபயர்வாலில் தளங்களை ஒவ்வொன்றாகத் தடுப்பதில்லை. விளையாட்டு, சமூக ஊடகம், ஸ்ட்ரீமிங் என்று வகை வகையாகப் பிரித்த பட்டியல் தயாராகவே வருகிறது. பொறுப்பாளர் படத்தையும் வீடியோவையும் நிறுத்த நினைத்து ஸ்ட்ரீமிங் என்ற கட்டத்தில் ஒரு குறி போட்டால், அதே வகையில் இருக்கும் பாட்டும் கூடவே போய்விடுகிறது. பாட்டைக் குறிவைத்துத் தடுத்த இடங்களும் உண்டு. 2010-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஸ்பாட்டிஃபையைத் தடுத்தது. அன்றைய செயலி, கேட்பவரின் கணினியிலிருந்தே பாட்டின் துண்டுகளை மற்றவர்களுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. அதனால் பல்கலைக்கழகத்தின் இணைப்பு வெளியாருக்கும் உழைத்தது. 2014-இல் ஸ்பாட்டிஃபை அந்த முறையைக் கைவிட்டது. பழைய விதிகளை யாரும் திரும்பிப் பார்க்காத நெட்வொர்க்குகளில் காரணம் போன பிறகும் தடை மட்டும் தங்கிவிடுவது உண்டு.

எந்த வகைத் தடை என்று கண்டறிதல்

முதல் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் அதே பாட்டை ஓடவிட வேண்டும். அங்கும் ஓடவில்லையென்றால் வைஃபையின் மேல் பழி போடுவதற்கில்லை. கணக்கையும் செயலியையும்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது, வைஃபையின் நுழைவுப் பக்கம். பல கல்லூரிகளில் வைஃபை இணைந்தால் மட்டும் போதாது; பிரௌசரில் ஒரு பக்கம் திறந்து பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுக்க வேண்டும். அந்த அனுமதி சில மணி நேரத்தில் தானாகவே காலாவதியாகும். வைஃபை குறி திரையில் அப்படியே இருக்கும், செயலி மட்டும் ஓடாது. பிரௌசரில் வேறு ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஆண்ட்ராய்டு போனில் இன்னொன்றையும் பார்ப்பது நல்லது. விளம்பரத்தைத் தடுப்பதற்காக எப்போதோ Private DNS அமைப்பில் ஒரு முகவரி கொடுத்திருந்தால், பல நிறுவன நெட்வொர்க்குகள் அந்த வழியை அடைத்திருக்கும். அப்போது பாட்டு மட்டுமல்ல, எதுவுமே திறக்காது. Private DNS சர்வரை அணுக முடியவில்லை என்ற அறிவிப்பும் வரலாம். அந்த அமைப்பைத் தானியங்கி நிலைக்கு மாற்றினால் போதும்.

இவ்வளவும் சரியாக இருந்தால் தடை உண்மையானதுதான். இனி விண்டோஸ் மடிக்கணினியில் பிரௌசரில் open.spotify.com முகவரியைத் திறந்து பார்க்க வேண்டும். தடுப்பு அறிவிப்போடு ஒரு பக்கம் வந்தால், அதில் எந்த வகையின் கீழ் தடுக்கப்பட்டது என்பதும் பெரும்பாலும் எழுதியிருக்கும், அதைக் குறித்துக்கொள்ளலாம். அதற்குப் பதில் NET::ERR_CERT_AUTHORITY_INVALID என்ற எச்சரிக்கை வரவும் வாய்ப்புண்டு. தளத்தின் இடத்தில் ஃபயர்வால் நின்று தன் சொந்தச் சான்றிதழை நீட்டுகிறது, பிரௌசர் அதை நம்ப மறுக்கிறது என்பது அதன் பொருள். எச்சரிக்கையைத் தாண்டிப் போய் அந்தப் பக்கத்தில் கடவுச்சொல் கொடுக்கவே கூடாது.

பக்கம் ஒன்றுமே காட்டாமல் சுற்றிக்கொண்டே இருந்தால், பெயரைத் தேடும் கட்டத்திலேயே தடையா என்று பார்க்கலாம்:

```
nslookup open.spotify.com
```

விடையாக 0.0.0.0 வந்தாலோ, 10 அல்லது 192.168 என்று தொடங்கும் உள் முகவரி வந்தாலோ, அப்படி ஒரு பெயரே இல்லை என்று வந்தாலோ, தடை டிஎன்எஸ் சர்வரில் இருக்கிறது. வழக்கமான வெளி முகவரி வந்தும் பக்கம் திறக்கவில்லையென்றால், தடுப்பது ஃபயர்வால். பாதுகாப்பான இணைப்பிலும் எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்ற பெயர் பெரும்பாலும் முதல் செய்தியிலேயே திறந்தபடிதான் செல்கிறது. உள்ளே என்ன பேசப்படுகிறது என்று தெரியாமலே, பெயரை மட்டும் வைத்து ஃபயர்வால் இணைப்பை வெட்டிவிடும்.

பிரௌசரில் பாட்டு ஓடி, கணினியில் நிறுவிய செயலி மட்டும் ஓடாத நிலைதான் ஆர்வமூட்டுவது. செயலி தன் சர்வரை முதலில் 4070 என்ற போர்ட்டில் தேடும். அது மூடியிருந்தால் 443-க்கும் 80-க்கும் வரும். பவர்ஷெல்லில் இப்படிச் சோதிக்கலாம்:

```
Test-NetConnection ap.spotify.com -Port 4070
Test-NetConnection ap.spotify.com -Port 443
```

TcpTestSucceeded என்ற வரியில் முதலாவதற்கு False, இரண்டாவதற்கு True என்று வந்தால் போர்ட் தடை மட்டும்தான். அது தனியாகச் செயலியை நிறுத்தாது. இரண்டுமே False என்றால் 80-ஐயும் இதேபோல் சோதிக்க வேண்டும்; அதுவும் False என்றால் செயலிக்கு நேர்வழியே இல்லை. கணினிச் செயலியில் ஃபயர்வாலையும் ப்ராக்ஸியையும் குறிப்பிட்டு ஒரு பிழைச்செய்தி வந்தால், அந்த நிறுவனம் ப்ராக்ஸி வழியாகத்தான் இணையம் தருகிறதா என்று கேட்க வேண்டும். ஆம் என்றால், செயலியின் அமைப்புகளில் அந்த முகவரியைக் கொடுத்தாலே சரியாகிவிடலாம்.

பாட்டு தொடங்கித் தொடங்கி நின்றால் அது தடை இல்லை. வேகத்தைக் குறைத்து வைத்திருக்கிறார்கள், அல்லது எல்லாரும் இணைந்திருக்கும் நேரம் அது. இரவு பத்து மணிக்குத் திணறுவது காலை ஆறு மணிக்குச் சரளமாக ஓடினால் இரண்டாவதுதான் காரணம். விடுதி அறையில் போன் ஸ்பீக்கரைக் கண்டுபிடிக்காததும் வேறு கதை: ஒரே வைஃபையில் உள்ள சாதனங்கள் ஒன்றையொன்று பார்க்காதபடி பாதுகாப்புக்காகப் பிரித்து வைத்திருப்பார்கள். புளூடூத்தில் இணைத்தால் வேலை முடிந்தது.

செய்யக்கூடியவை

பெரும்பாலானவர்களுக்கு இதில் ஒரே ஒரு வழி போதும்: வீட்டு வைஃபையில் பதிவிறக்கிக்கொண்டு வருவது. 160 கேபிபிஎஸ் தரத்தில் நான்கு நிமிடப் பாட்டு ஒன்று 5 எம்பிக்குச் சற்றுக் குறைவு. நூறு பாட்டுக்கு அரை ஜிபி போதும். ஸ்பாட்டிஃபையில் பாட்டைப் பதிவிறக்கக் கட்டணத் திட்டம் தேவை. எந்தத் திட்டத்தில் இந்த வசதி இருக்கிறது என்று பணம் கட்டும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும். இலவசக் கணக்கில் பாட்காஸ்ட் மட்டும் பதிவிறக்கலாம்.

விடுதிக்குக் கிளம்பும் முன் போனை விமான நிலைக்கு மாற்றி, இரண்டு மூன்று பாட்டுகளை ஓடவிட்டுப் பார்ப்பது அவசியம். பதிவிறக்கம் பாதியில் நின்றிருந்தால் அப்போதே தெரிந்துவிடும். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். 30 நாளுக்கு ஒரு முறையாவது செயலி இணையத்தைத் தொட வேண்டும், இல்லையென்றால் பதிவிறக்கிய பாட்டுகள் ஓடாது. அதற்கு மொபைல் டேட்டாவில் ஒரு முறை திறந்தாலே போதும்.

அடுத்த வழி மொபைல் டேட்டா. 160 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 72 எம்பி, 96-இல் 43 எம்பி, மிகக் குறைந்த 24-இல் 11 எம்பி. நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் திட்டம் உள்ளவர் 96-இல் மூன்று மணி நேரம் கேட்டால் 130 எம்பிதான் போகும். தானியங்கித் தரத்தை நம்பாமல், மொபைல் டேட்டாவுக்கான தரத்தைச் செயலியில் தனியாகக் குறைத்து வைப்பது நல்லது. அலுவலக மடிக்கணினியைச் சொந்த ஹாட்ஸ்பாட்டில் இணைப்பதைவிட, போனிலேயே கேட்டுவிடுவது மேல். நிறுவனக் கணினியை வெளி இணைப்பில் போடுவது பல அலுவலகங்களில் விதிமீறல்.

மூன்றாவது, கேட்டுப் பார்ப்பது. "பாட்டு ஓடவில்லை" என்று எழுதினால் பதில் வராது. எந்த வைஃபை பெயர், எந்த நேரம், open.spotify.com திறக்கிறதா, தடுப்புப் பக்கம் காட்டிய வகை என்ன, 443 போர்ட்டின் சோதனை முடிவு என்ன என்று நாலே வரியில் எழுதி, பாட்டை மட்டும் வீடியோ வகையிலிருந்து பிரித்து, மாலை ஆறு மணிக்குப் பிறகாவது விட முடியுமா என்று கேட்கலாம். பல ஃபயர்வால்களில் வகையைத் திறக்காமலே ஒரு செயலிக்கு மட்டும் விலக்குத் தரவும், நேரம் குறித்து அனுமதிக்கவும் வசதி உண்டு. கல்லூரியில் தனி ஒருவர் எழுதுவதைவிட விடுதிக் காப்பாளர் மூலம் போவது பலிக்கும்.

வேண்டாத வழி

இலவச விபிஎன் செயலியைப் போட்டுத் தடையைத் தாண்டலாம் என்று நண்பர்கள் சொல்வார்கள். சில நாள் ஓடவும் ஓடும். ஆனால் அதற்குப் பிறகு போனின் போக்குவரத்து முழுவதும் யாரென்று தெரியாத ஒருவரின் சர்வர் வழியாகப் போகும். நிறுவனத்திடமிருந்து மறைந்துவிடுவதும் இல்லை: எங்கே போகிறோம் என்று ஃபயர்வாலுக்குத் தெரியாவிட்டாலும், விபிஎன் ஓடுகிறது என்பது பல நேரம் தெரியும், நுழைவுப் பக்கத்தில் கொடுத்த பயனர்பெயர் பதிவில் இருக்கிறது. இந்தியாவில் அந்தப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் செர்ட்-இன் உத்தரவிட்டது. பாட்டுக்காகத் தொடங்கியது விதிமீறல் புகாராகி வைஃபை கணக்கே முடங்கினால், பாடம் படிக்கவும் இணையம் இருக்காது. அலுவலகக் கணினியில் இதைச் செய்வது இன்னும் மோசம். அங்கே மென்பொருள் நிறுவியதே தனிக் குற்றமாகும்.