அளவை முடியுமுன் பதிவாகும் தோல்

பாலாற்றங்கரையில் ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் இடையே, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த மாதனூரும் அதன் சுற்றுவட்டாரமும் வேலூர்–ஆம்பூர் தோல் தொழிலின் நடுப்பகுதியில் இருப்பதால், அங்குள்ள காலணி மற்றும் அப்பர் தொழிற்கூடங்களின் அலுவலகங்களில் நிகழும் தரவுப் பதிவு வேலையில் பெரும்பங்கு தோலின் வரவு, வெட்டுக்கு வழங்கல், தையல் கூடங்களுக்கு அனுப்புதல் ஆகிய மூன்றையும் சார்ந்ததாகவே அமைகிறது. இந்த வேலையைக் குறைக்க இன்று இரு வழிகள் முன்வைக்கப்படுகின்றன. ஒன்று, எழுத்தர் திரையில் செய்யும் சொடுக்கல்களையும் தட்டச்சையும் அப்படியே திருப்பிச் செய்யும் மென்பொருள், ஆர்.பி.ஏ. எனப்படும் இதனைப் பேச்சுவழக்கில் ‘பாட்’ என்பர். மற்றொன்று, கொள்முதல், இருப்பு, உற்பத்தி, கணக்கு ஆகியவற்றை ஒரே தரவுத்தளத்தில் இணைக்கும் இ.ஆர்.பி. மென்பொருளில், அந்தத் தட்டச்சு ஏன் தேவைப்படுகிறது என்று பார்த்து அதன் காரணத்தையே நீக்குவது. 2021 முதல் மைக்ரோசாஃப்டின் பவர் ஆட்டோமேட் டெஸ்க்டாப் விண்டோஸ் 10 கணினிகளுக்குக் கூடுதல் கட்டணமின்றிக் கிடைப்பதால், முதல் வழி மலிவானதாகவும் விரைவானதாகவும் தோன்றுகிறது. தோல் வரவு என்ற ஒரே வேலையை நுணுகிப் பார்த்தால், அந்த மலிவு எதனால் ஈடுசெய்யப்படுகிறது என்பது தெரியவரும்.

தோல் என்பது எண்ணிக்கையில் வந்து பரப்பில் விலை பெறும் பொருள். ஆணி, ரசாயனம், பசை போன்றவற்றுக்கு ஒரு பெட்டியில் இத்தனை கிலோ என்று நிலையான மாற்று விகிதம் இருக்க, ஒரு ‘சைடு’, அதாவது முதுகுக் கோட்டில் இரண்டாகப் பிளந்த மாட்டுத்தோலின் ஒரு பாதி, 15 சதுர அடியாகவும் இருக்கலாம், 20 சதுர அடியாகவும் இருக்கலாம். டேனரி தன் அளவை இயந்திரத்தில் அளந்து ஒவ்வொரு தோலின் பின்புறத்திலும் பரப்பைக் குறித்து, பேக்கிங் லிஸ்ட்டுடன் அனுப்புகிறது. வாங்கும் தொழிற்கூடம் தன் இயந்திரத்தில் மறுபடியும் அளக்கிறது. ஈரப்பதம், தோலை விரித்துச் செலுத்தும் முறை, இயந்திரத்தின் சரிபார்ப்பு ஆகியவற்றால் இரு அளவுகளும் அபூர்வமாகவே ஒத்துப்போகும் என்பதால், எவ்வளவு வேறுபாடு வரை ஏற்கப்படும் என்பது கொள்முதல் ஒப்பந்தத்திலேயே பேசி முடிக்கப்படும்.

கணக்கிற்காக ஒரு லாட்டை எடுத்துக்கொள்ளலாம். 20 கட்டுகளில் கட்டுக்குப் பத்தாக 200 சைடுகள் வருகின்றன. டேனரியின் பேக்கிங் லிஸ்ட்படி மொத்தப் பரப்பு 3,640 சதுர அடி. வாயிற்காவல் பதிவேட்டில் ஒரு முறை, ஸ்டோரின் எக்செல் தாளில் ஒரு முறை, இ.ஆர்.பி.யின் சரக்கு வரவுச் சீட்டில் ஒரு முறை, டேலி கணக்கில் ஒரு முறை என்று லாட்டின் பரப்பு நான்கு இடங்களில் எழுதப்படுகிறது. எக்செல்லிலிருந்து மற்ற இரண்டு மென்பொருள்களுக்கும் பாட் எடுத்துச் சென்று எழுதினால், அந்த 20 வரிகளும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். எழுத்தரின் வேலை குறைந்தது என்பது முதல் வாரத்திலேயே கண்ணுக்குத் தெரியும்.

கண்ணுக்குத் தெரியாதது வேறொன்று. எழுத்தர் இந்த வேலையைச் செய்த காலத்தில் பேக்கிங் லிஸ்ட் வந்த உடனே பதிவு செய்துவிடுவதில்லை. அளவைச் சீட்டு மேசைக்கு வரும்வரை அந்தத் தாளை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, ஒன்றிரண்டு நாள் கழித்து அளந்த எண்ணையே உள்ளிட்டார். இது எந்த நடைமுறைக் கையேட்டிலும் எழுதப்படாத வழக்கம் என்பதால், பாட் அமைப்பவர் எழுத்தரின் அருகில் அமர்ந்து சொடுக்கல்களைப் பதிவு செய்தபோது அது பதிவாகவில்லை. பாட் காத்திருப்பதில்லை, எக்செல்லில் வரி தோன்றிய அன்றிரவே 3,640 என்று எழுதிவிடுகிறது. மறுஅளவையில் 3,567 வந்தால், 73 சதுர அடி குறைவு, அதாவது சுமார் 2 சதவீதம், இருப்புத் திருத்தம் என்ற தனிச் சீட்டாகப் பின்னால் வந்து சேர்கிறது, அல்லது வராமலே போகிறது.

அந்த 2 சதவீதத்தின் விளைவை வெட்டுப் பிரிவில்தான் காண முடியும். ஒரு ஜோடிக்குக் கழிவு உட்பட 2 சதுர அடி என்று வெட்டு விதிமானம் வைத்தால், இ.ஆர்.பி.யின் கணக்குப்படி இந்த லாட்டில் 1,820 ஜோடிகள் வரும் என்பதால், 1,800 ஜோடி ஆர்டருக்குத் தோல் போதும் என்று திட்டப்பிரிவு முடிவு செய்கிறது. உண்மையில் 1,783 ஜோடிகளுக்கு மட்டுமே தோல் இருக்கிறது. குறையும் 17 ஜோடிகள் அற்பம் என்று தோன்றலாம். ஆனால் சாயம் லாட்டுக்கு லாட் சற்றே மாறுவதால் இன்னொரு லாட்டின் தோலைக் கலந்து அதே ஆர்டரை முடிக்க இயலாது, அந்தச் சாயலுக்கு இணையாக டேனரி மீண்டும் சிறு அளவில் பதனிட்டுத் தரும்வரை ஏற்றுமதி நிற்கிறது, அல்லது ஆர்டர் குறைவாகவே போகிறது. எல்லாத் திருத்தச் சீட்டுகளும் ஒரே திசையில், குறைவு என்றே, வரத் தொடங்கினால் பதிவு அளவைக்கு முன்பாக நடக்கிறது என்று கொள்ளலாம். தற்செயலான அளவைப் பிழை மட்டுமே காரணமாயின் அவை இரு திசையிலும் சிதறியிருக்கும். எனவே பாட் வருவதற்கு முந்தைய மூன்று மாதங்களின் திருத்தச் சீட்டுகளையும் பிந்தைய மூன்று மாதங்களின் சீட்டுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இதற்கான எளிய சோதனை. பாட் எத்தனை மணி நேரம் மிச்சப்படுத்தியது என்ற அறிக்கை இதைக் காட்டாது.

இறக்குமதித் தோலில் இதே குறை வேறு வடிவில் வெளிப்படுகிறது. இத்தாலியிலிருந்து வரும் பேக்கிங் லிஸ்ட்டில் 1.215,40 என்று அச்சிட்டிருந்தால், அங்கு ஆயிரத்தைப் பிரிப்பது புள்ளி, பின்னத்தைப் பிரிப்பது காற்புள்ளி என்பதை எழுத்தர் அனுபவத்தால் அறிந்து ஆயிரத்து இருநூற்றுப் பதினைந்து என்று எழுதுவார். பாட் அதை ஒன்றேகால் சதுர அடிக்கும் குறைவான தோலாக எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகும். பரப்பு சதுர மீட்டரில் தரப்பட்டிருந்தால், ஒரு சதுர மீட்டர் சுமார் 10.76 சதுர அடி என்பதால், பிழை பத்து மடங்குக்கு மேல் ஆகும். பரப்பைத் தோல்களின் எண்ணிக்கையால் வகுத்து, விடை அந்தத் தோல் வகைக்கு இயல்பான எல்லைக்குள் இல்லாவிட்டால் பதிவை நிறுத்து என்ற ஒரே விதி இவ்விரண்டையும் பிடித்துவிடும். ஆயினும் அந்த விதி இருக்க வேண்டிய இடம் பாட் அல்ல, இ.ஆர்.பி.யின் வரவுத் திரை. பாட்டுக்குள் வைத்தால், பாட் ஓடாத நாளில் கையால் எழுதுபவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லாமற் போகும்.

அடிப்படையைச் சீர்செய்வது என்பது இங்கு பெரிய திட்டம் அல்ல. வரவுச் சீட்டை இரு படிகளாகப் பிரிக்க வேண்டும்: முதற்படியில் லாட் எண்ணும் தோல்களின் எண்ணிக்கையும் டேனரி குறித்த பரப்பும் பதிவாகி, சரக்கு ‘அளவை நிலுவை’ என்ற இருப்பில் நிற்கும், அதிலிருந்து வெட்டுக்குத் தோல் வழங்க மென்பொருள் அனுமதிக்காது. இரண்டாம் படியில் அளந்த பரப்பு வந்ததும் அதுவே பயன்பாட்டு இருப்பாகி, ஒப்பந்த வரம்பைத் தாண்டிய வேறுபாடு டேனரிக்கான டெபிட் நோட்டாகத் தானே உருவாகும். எண்ணிக்கைக்கும் பரப்புக்கும் நிலையான விகிதம் இல்லை என்பதால், பொருள் பட்டியலில் ஒரே மாற்று விகிதத்தை எழுதி வைக்கும் வழக்கத்தைக் கைவிட்டு, லாட் ஒவ்வொன்றுக்கும் இரு எண்களையும் தனித்தனியே வைக்க வேண்டும். பெரும்பாலான மென்பொருள்களில் லாட்டுக்குக் கூடுதல் புலங்கள் சேர்ப்பதால் இது கைகூடும். மின்னணு அளவை இயந்திரங்கள் பல, அளவைக் கணினிக்கு அனுப்பும் வசதியுடன் வருகின்றன. அந்தக் கோப்பை இ.ஆர்.பி. நேரே ஏற்றுக்கொண்டால் எக்செல் தாளே தேவையற்றதாகிவிடும். டேலியும் எக்ஸ்.எம்.எல். கோப்பாகச் சீட்டுகளை இறக்குமதி செய்துகொள்ளும் என்பதால், அதன் திரையில் பாட் தட்டச்சு செய்ய வேண்டிய காரணம் எதுவும் இல்லை. நான்கு பதிவுகளில் கையால் எழுத மிஞ்சுபவை வாயிற்காவலின் பதிவேடும் வரவுச் சீட்டின் முதற்படியும் மட்டுமே. பதிவேடு இருக்கட்டும், வண்டி வந்த நேரத்துக்குச் சாட்சி அதுதான்.

இதனால் பாட்டுக்கு இடமே இல்லை என்று கொள்வதும் தவறு. இரு திரைகளும் தன்னுடையவையாக இருக்கும்போது அவற்றுக்கிடையே பாட் வைப்பது வீண். ஒரு திரை பிறருடையதாக, அதை மாற்றும் உரிமை தனக்கு இல்லாததாக இருக்கும்போதுதான் அது பொருத்தமாகிறது. ஐரோப்பிய இறக்குமதியாளர் தம் இணையதளத்தில் மட்டுமே ஆர்டரைக் காட்டி, 36 முதல் 41 வரை அளவுவாரியான எண்ணிக்கையைக் கோப்பாகத் தர மறுத்தால், அதைப் படித்தெடுக்க பாட் தகும். அரசுத் தளங்களில் அவசரப்படக் கூடாது: இ–வே பில்லுக்கு ஜேசன் கோப்பாக மொத்தப் பதிவேற்றம் உண்டு, ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் கட்டாயமான இ–இன்வாய்ஸுக்கும் அவ்வாறே உண்டு; அந்தத் தளங்களின் உள்நுழைவில் வரும் கேப்சாவும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் பாட்டை நடுவழியில் நிறுத்திவிடும். உள்ளூரில் யாரோ பல ஆண்டுகளுக்கு முன் எழுதித் தந்து, எழுதியவரும் மூல நிரலும் இப்போது கிடைக்காத பழைய மென்பொருளை வைத்திருக்கும் சிறு கூடங்களுக்கும் பாட் தகும். அந்த மென்பொருளின் திரை பெயரளவில் சொந்தமானாலும் மாற்ற முடியாதது.

அப்படிப் பொருந்தும் இடத்திலும் இரண்டு ஏற்பாடுகள் தவிர்க்க முடியாதவை. பாட் ஒரு சீட்டைச் சேமித்தபின், எக்செல்லில் முடிந்தது என்று குறிக்குமுன் மின்சாரம் போனால், மீண்டும் தொடங்கும்போது அதே சீட்டை இரண்டாம் முறை எழுதும். டேனரியின் பெயரும் பேக்கிங் லிஸ்ட் எண்ணும் சேர்ந்த இணை ஒருமுறைக்கு மேல் வரக்கூடாது என்று இ.ஆர்.பி.யிலேயே தடை வைத்தால் அது நிகழாது. மற்றது, பாட்டுக்கு எழுத்தரின் பயனர் பெயரைக் கொடுக்காமல் தனிப் பெயர் கொடுப்பது. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு மாற்றத்தையும் காட்டும் திருத்தப் பதிவு கட்டாயம் என்பதால், இரவு இரண்டு மணிக்கு எழுத்தரின் பெயரில் நூறு சீட்டுகள் பதிவாகியிருந்தால் தணிக்கையாளர் முதலில் கேட்கும் கேள்வி அவரைப் பற்றியதாகவே இருக்கும்.