ஸ்லைடுக்கு விலையா, வேலைக்கு விலையா?

கேள்வி: ஸ்டார்ட்அப் நிறுவனர்களுக்குப் பிட்ச் டெக் வடிவமைத்துத் தருகிறேன். ஸ்லைடுக்கு இவ்வளவு என்று வாங்குவதா, மொத்தமாகப் பேசுவதா? கடைசி நேரத்தில் விஷயத்தையே மாற்றினால் என்ன செய்வது?
– வாசகர், உத்தமபாளையம்

பதில்: மொத்தமாகவே பேசுங்கள். டெக்கில் பெரிய வேலையே குறைப்பதுதான். மூன்று ஸ்லைடில் சிதறிக் கிடக்கும் சந்தைக் கணக்கை ஒரே வரைபடமாக்க அரைநாள் போகும். ஸ்லைடு கணக்கில் அதற்கு ஒரு ஸ்லைடின் கூலிதான் கிடைக்கும்.

கம்பம் பன்னீர் திராட்சையைக் கடைகளுக்கு நேரடியாக விற்க நினைக்கும் ஒருவர் 12 ஸ்லைடு கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 18,000 ரூபாய், பாதி முன்பணம், இரண்டு சுற்றுத் திருத்தம் என்று பேசுங்கள். உள்ளடக்கம் முடிவாகும் தேதியையும் மின்னஞ்சலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு ஓர் எண் மாறினால் இலவசமாகவே திருத்திக் கொடுங்கள். வரைபடத்தைப் படமாக ஒட்டாமல் பவர்பாயிண்ட் சார்ட்டாகவே வைத்திருந்தால் அது ஐந்து நிமிட வேலை. ஆனால் கமிஷனில் வருமானம் என்றவர் மாதச் சந்தாவுக்கு மாறினால் வணிக மாதிரி, சந்தை, நிதிக் கணிப்பு, கேட்கும் முதலீடு ஆகிய நான்கு ஸ்லைடும் குலையும். அது புது வேலை. ஸ்லைடுக்கு 1,500 வீதம் 6,000 ரூபாய் கூடும் என்று சொல்லி, சம்மதம் வந்த பிறகே தொடங்குங்கள். மாற்றக்கூடிய கோப்பை மீதிப் பணம் வந்ததும் அனுப்புங்கள்.